ரெஸ்யூமே திறப்பதே வேலை என்பவருக்கு என்ன எழுதுவது?

2025 ஆகஸ்டில், சுருக்கி அனுப்பிய ஃபைல்களைப் பிரிக்கும் வின்ரார் மென்பொருளில் பாதுகாப்பு ஓட்டை என்ற செய்தி வந்தது. திருப்பூரில் நான் வேலை பார்க்கும் பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் அது ஊழியர்களிடம் போய்ச் சேர்ந்த விதம் வழக்கமானதுதான். எங்கள் கம்ப்யூட்டர்களைப் பராமரிக்கும் வெளி ஆட்கள் ஆங்கில அறிவிப்பை அப்படியே எல்லோருக்கும் ஃபார்வர்டு செய்தார்கள். மேலே சிவப்பு எழுத்தில் "மிக மிக அவசரம், உடனே அப்டேட் செய்யவும்" என்று ஒரு வரி. அவ்வளவுதான்.

மதியத்துக்குள் மெர்ச்சன்டைசிங்கில் ஒருவர் பையர் அனுப்பிய ஆர்ட்வொர்க் ரார் ஃபைல்களை எல்லாம் அழித்துவிட்டார். அக்கவுண்ட்ஸிலிருந்து போன்: வாட்ஸ்அப் திறக்கலாமா, பேங்க் ஆப் திறக்கலாமா? மற்றவர்கள் படித்தார்கள், பயந்தார்கள், பிறகு ஷிப்மென்ட் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். யார் கம்ப்யூட்டரிலும் வின்ரார் அப்டேட் ஆகவில்லை. அந்த அறிவிப்பை ஊழியர்களுக்காகத் திருப்பி எழுதும் வேலை என்னிடம் வந்தது.

முதலில் அந்த ஓட்டை என்ன என்று பார்த்துவிடலாம். அது புரியாமல் எழுதினால் "ஜாக்கிரதை" என்பதைத் தவிர எழுத ஒன்றும் இருக்காது. ஒரு ரார் ஃபைலைப் பிரிக்கும்போது உள்ளே இருப்பவை நாம் சொன்ன ஃபோல்டருக்குள்தான் விழ வேண்டும். விண்டோஸில் ஓடும் வின்ரார் 7.12 வரைக்கும் இதில் ஒரு குறை இருந்தது. ஃபைலைத் தயார் செய்தவன் உள்ளே `..\` என்று பல படி மேலே ஏறும் பாதையை ஒளித்து வைத்தால், வின்ரார் அதை நம்பி, நாம் சொல்லாத இடத்தில் ஒன்றைக் கொண்டுபோய் வைத்துவிடும். வாசலில் வைக்கச் சொன்ன பார்சலை வாசலில் வைத்துவிட்டு, கூடவே இன்னொன்றை நமக்குத் தெரியாமல் சமையலறைக்குள் வைத்துவிட்டுப் போகிற ஆள் மாதிரி. அப்படி வைத்த இடங்களில் முக்கியமானது விண்டோஸின் `Startup` ஃபோல்டர். அதற்குள் இருப்பது எதுவானாலும் அடுத்த முறை லாகின் செய்யும்போது தானாக ஓடும்.

இதைக் கண்டுபிடித்தது இசெட் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம், 2025 ஜூலை 18 அன்று. வின்ரார்காரர்கள் ஜூலை 30 அன்று 7.13 பதிப்பில் சரி செய்துவிட்டார்கள். ரோம்காம் என்ற கும்பல் ஐரோப்பாவிலும் கனடாவிலும் இருக்கும் நிதி, உற்பத்தி, பாதுகாப்பு, சரக்குப் போக்குவரத்து நிறுவனங்களுக்கு இப்படிப்பட்ட ஃபைல்களை அனுப்பியிருந்தது. என்ன வேடத்தில்? வேலை கேட்டு வரும் ரெஸ்யூமே வேடத்தில்.

இந்த ஒரு தகவல்தான் எனக்கு மொத்த அறிவிப்பையும் மாற்றி எழுத வழி காட்டியது. பொதுவாக இந்த மாதிரி அறிவிப்புகளில் "அறிமுகமில்லாதவர்கள் அனுப்பும் இணைப்புகளைத் திறக்காதீர்கள்" என்று ஒரு வரி கட்டாயம் இருக்கும். எங்கள் எச்.ஆர். மேடத்திடம் அதைக் காட்டியபோது அவர் கேட்டது: "ஏனுங்க சார், அறிமுகமில்லாதவங்க அனுப்பறதைத் திறக்கிறதுதானுங்க என்னோட வேலையே? திறக்காம நான் எப்படிங்க ஆள் எடுக்கிறது?" பதில் இல்லாத கேள்வி. மெர்ச்சன்டைசர்களுக்கும் இதே கதைதான். டெக் பேக், ஆர்ட்வொர்க், லேபிள் டிசைன் எல்லாம் ரார் ஆகவோ ஜிப் ஆகவோதான் வரும். அதிலும் புது பையரின் முதல் மெயில் எப்போதும் அறிமுகமில்லாதவர் மெயில்தான். செய்ய முடியாத ஒன்றைச் செய் என்று சொல்லிவிட்டால், படிப்பவர் மனதில் பயம் மட்டும் மிஞ்சும். நாளைக்கு ஏதாவது நடந்தால் "நான்தான் சொன்னேனே" என்று சொல்லிக்கொள்ள எழுதியவருக்கு அது உதவும், வேறொன்றுக்கும் உதவாது.

அடுத்து "உடனே அப்டேட் செய்யவும்". இதுவும் எங்கள் ஆபீசில் செய்ய முடியாத வேலை. வின்ரார் தானாக அப்டேட் ஆகாது. புதுப் பதிப்பை இறக்கி, பழையதன் மேல் நிறுவ வேண்டும். ஊழியர்களின் அக்கவுண்டில் அட்மின் உரிமை கிடையாது, அதனால் நிறுவப் போனால் விண்டோஸ் பாஸ்வேர்டு கேட்டு நின்றுவிடும். அதற்கு முன்பே இன்னொரு ஆபத்து: "வின்ரார் டவுன்லோடு" என்று கூகுளில் தேடினால் மேலே வரும் விளம்பரம் எந்தத் தளத்துக்குக் கூட்டிப்போகும் என்று சொல்ல முடியாது. ஓட்டையை அடைக்கச் சொல்லி, ஆளைப் போலித் தளத்துக்கு நாமே அனுப்பி வைத்த மாதிரி ஆகிவிடும்.

அதனால் வேலையைப் பிரித்தேன். ஊழியர் செய்ய வேண்டியது பதிப்பு எண்ணைப் பார்த்துச் சொல்வது மட்டும். நிறுவுவது ஐ.டி. ஆட்களின் வேலை. அவர்களுக்கான குறிப்பு வேறு தாளில் போனது. அதில் இந்த ஒரு கட்டளை இருந்தது:

```
winget upgrade --id RARLab.WinRAR
```

ஊழியருக்குப் போகும் மெயிலில் இது தெரியவே கூடாது. கறுப்புத் திரைக் கட்டளை ஒன்றைப் பார்த்தாலே பாதிப் பேர் "இது நமக்கில்லை" என்று மூடிவிடுவார்கள். மீதிப் பேரில் ஆர்வக்கோளாறு உள்ள ஒருவர் அதை எங்காவது ஒட்டிப் பார்ப்பார். இரண்டும் நமக்கு வேண்டாம்.

பயத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பயமில்லாமல் எழுதுவது என்றால் பெரும்பாலானவர்கள் "யாரும் கவலைப்பட வேண்டாம்" என்று ஒரு வரி சேர்ப்பதோடு முடித்துக்கொள்கிறார்கள். கவலைப்பட வேண்டாம் என்று மேனேஜ்மென்ட் எழுதினாலே எங்கள் ஊரில் ஜனங்கள் கவலைப்பட ஆரம்பித்துவிடுவார்கள். என் அனுபவத்தில் பயத்தைக் குறைப்பது எல்லை போட்டுச் சொல்வதுதான். எது பாதிக்கப்படாது என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். இந்த ஓட்டை விண்டோஸில் ஓடும் வின்ராருக்கு மட்டும். ஆண்ட்ராய்டு போனில் உள்ள ரார் ஆப்பையும், லினக்ஸ் மாதிரியான யூனிக்ஸ் வகைப் பதிப்புகளையும் இது தொடாது. மெயிலில் ஒரு ரார் ஃபைல் திறக்காமல் கிடந்தால், இந்த ஓட்டை வழியாக அது எதையும் செய்ய முடியாது. பிரிக்கும்போதுதான் பிரச்சினை. இந்த மூன்று உண்மைகளைச் சொன்னால் வாட்ஸ்அப் கேள்வியும் வராது, ஆர்ட்வொர்க்கும் அழியாது.

ரோம்காம் யார், எந்த நாட்டு ஆதரவு, பாதுகாப்புத் துறை இலக்கா என்பதெல்லாம் சுவாரஸ்யமான சமாச்சாரம்தான். டீ குடிக்கும்போது பேசலாம். அறிவிப்பிலிருந்து எடுத்துவிட்டேன். பேட்டர்ன் வெட்டுகிறவருக்கு அது எந்த முடிவையும் எடுக்க உதவாது. தீவிரத்தைச் சொல்லும் மதிப்பெண்ணும் அப்படியே. பத்துக்கு எட்டுக்கு மேல் என்று போட்டால் படிப்பவர் பரீட்சை மார்க் மாதிரி பார்ப்பார். ஐ.டி. ஆளுக்கு எதை முதலில் செய்வது என்று வரிசைப்படுத்த அது வேண்டும். ஊழியருக்கு "புதன் மாலை 5 மணிக்குள்" என்பதே அந்த வேலையைச் செய்துவிடும். ஒவ்வொரு ஓட்டைக்கும் உலகம் முழுக்கப் பொதுவாகக் கொடுக்கும் அடையாளமான சி.வி.இ. எண்ணை மட்டும் கடைசி வரியில் விட்டு வைத்தேன். பையரின் ஆடிட்டர் பிறகு கேட்டால் எந்த மெயில் எதற்காகப் போனது என்று தேடி எடுக்க அது ஒன்றுதான் பிடி.

இனி, இந்த ஓட்டைக்கென்றே உள்ள ஒரு விஷயம். கம்ப்யூட்டரில் எது கோளாறு என்றாலும் நம் ஆட்களின் கை முதலில் போவது ரீஸ்டார்ட்டுக்குத்தான். பராமரிப்பு ஆளும் போனில் அதைத்தான் முதலில் சொல்வார். இங்கே அது நேர்மாறான வேலை. `Startup` ஃபோல்டரில் வைக்கப்பட்டது லாகின் ஆகும்போதுதான் ஓடும் என்பதால், சந்தேகப்பட்டு ரீஸ்டார்ட் செய்கிறவர் தாக்குபவன் காத்திருக்கும் காரியத்தைத் தன் கையாலேயே முடித்துக் கொடுக்கிறார். தன் அக்கவுண்டின் `Startup` ஃபோல்டரில் எழுத அட்மின் உரிமை தேவையில்லை என்பதால், "எங்க அக்கவுண்டுக்குத்தான் உரிமையே இல்லையே" என்று நிம்மதியடையவும் முடியாது. அதனால் ரீஸ்டார்ட் வேண்டாம் என்ற வரி அறிவிப்பில் தடித்த எழுத்தில் போக வேண்டியது. தடித்த எழுத்து மொத்தத்தில் அந்த ஒரே இடத்துக்குத்தான் என்று முடிவு செய்தேன்.

சந்தேகம் வருவதற்கு அடையாளம் என்ன? இதற்கும் இந்த வழக்கிலேயே பதில் இருந்தது. இசெட் பார்த்த ஃபைல்களில் தாக்கியவர்கள் வேண்டுமென்றே செல்லாத பாதைகளை நிறையச் சேர்த்திருந்தார்கள். பிரிக்கும்போது வின்ரார் அவற்றுக்கெல்லாம் வரிசையாகப் பிழைச் செய்தி காட்டும். உண்மையான கள்ளப் பாதை அந்தக் குவியலின் அடியில், கீழே தள்ளிப் பார்த்தால்தான் தெரியும். ஊழியர் பார்வையில் நடப்பது இது: ரெஸ்யூமேவும் திறக்கிறது, கூடவே பிழைச் செய்திகள் நீளமாக வந்து விழுகின்றன. "என்னமோ எரர் காட்டுச்சு, ஆனா ஃபைல் ஓப்பன் ஆயிடுச்சு" என்று மூடிவிட்டுப் போகிற அந்தக் கணத்தைத்தான் அறிவிப்பில் பெயர் சொல்லிக் காட்ட வேண்டும். "சந்தேகத்துக்கிடமான செயல்பாடு" என்று எழுதினால் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. ஆனால் பிழைச் செய்தி வராமலும் தாக்குதல் நடக்கலாம். அதனால் செய்தி வரவில்லை என்றால் எல்லாம் நலம் என்று எழுதக்கூடாது.

எழுதிய முதல் வடிவத்தை எச்.ஆர். மேடத்திடம் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து, வாய் திறக்காமல் பார்த்தேன். "வின்ராரைத் திறக்கவும்" என்ற முதல் வரியிலேயே நின்றுவிட்டார். இத்தனை வருஷமாக அவர் வின்ராரைத் தனியாகத் திறந்ததே இல்லை. ஃபைலின் மேல் ரைட் கிளிக் செய்வார், பிரிப்பார், முடிந்தது. டெஸ்க்டாப்பில் ஐகானும் இல்லை. ரைட் கிளிக் செய்து பார்க்கலாம் என்று அவர் கை போனது இன்பாக்ஸில் இருந்த ஒரு ரெஸ்யூமே ரார் ஃபைலுக்கு. நல்லவேளை, தடுத்துவிட்டேன். அதன்பிறகுதான் அந்த வரி `Start` பட்டனை அழுத்தி `winrar` என்று டைப் செய்யும்படி மாறியது. திறந்ததும் லைசென்ஸ் வாங்கச் சொல்லும் பெட்டி குதித்து வந்தது. 40 நாள் இலவசம் முடிந்து பல வருஷம் ஆகியும் உலகமே பார்த்துக்கொண்டிருக்கும் அதே பெட்டிதான். ஆனால் வைரஸ் பற்றிய மெயிலைக் கையில் வைத்துக்கொண்டிருப்பவருக்கு அது சாதாரணப் பெட்டியாகத் தெரியவில்லை. "இதுதானுங்களா அது?" என்றார். அதற்கும் ஒரு வரி சேர்ந்தது.

கேட் ரூமில் இன்னொரு சிக்கல். அங்கே ஒரே கம்ப்யூட்டரில் ஷிஃப்ட் மாற்றி மூன்று பேர் உட்காருகிறார்கள். மெயில் ஆளுக்குப் போகிறது, ஓட்டை இருப்பது மெஷினில். மூன்று பேரும் மற்றவர் பார்த்திருப்பார் என்று விட்டுவிடுவார்கள். எங்கள் மெஷின்களில் சொத்துக் கணக்குக்காக ஒட்டிய ஸ்டிக்கர் எண் இருந்ததால், பதிலில் அந்த எண்ணைக் கேட்டோம். எந்த ஸ்டிக்கருக்குப் பதில் வரவில்லையோ அந்த மெஷினுக்கு ஐ.டி. ஆள் நேரில் போவார். மெயிலை எத்தனை பேர் திறந்தார்கள் என்ற கணக்கு எங்களுக்குத் தேவைப்படவே இல்லை.

கடைசியாகப் போன வடிவம் இது. அதில் லிங்க் எதுவும் இல்லை, இணைப்பும் இல்லை. "இங்கே கிளிக் செய்து அப்டேட் செய்யவும்" என்று வரும் மெயிலை நம்பாதே என்று வருஷம் பூராவும் சொல்லிவிட்டு நாமே அப்படி ஒரு மெயில் அனுப்புவது சரியில்லை.

> பொருள்: உங்கள் கம்ப்யூட்டரில் வின்ரார் பதிப்பு எண் பார்த்துச் சொல்லுங்கள். புதன் மாலை 5 மணிக்குள். 2 நிமிட வேலை.
>
> ரார் ஃபைல்களைப் பிரிக்கும் வின்ரார் மென்பொருளின் பழைய பதிப்பில் ஒரு குறை இருக்கிறது. புதுப் பதிப்பில் சரி செய்துவிட்டார்கள். இது விண்டோஸ் கம்ப்யூட்டருக்கு மட்டும். உங்கள் போனுக்கும் வாட்ஸ்அப்புக்கும் இதில் சம்பந்தமில்லை.
>
> `Start` பட்டனை அழுத்தி `winrar` என்று டைப் செய்யுங்கள். பட்டியலில் WinRAR வரவில்லை என்றால், ஸ்டிக்கர் எண்ணோடு "இல்லை" என்று பதில் போடுங்கள். உங்கள் வேலை முடிந்தது.
>
> வந்தால் திறந்து, மேலே `Help`, அதில் `About WinRAR` அழுத்துங்கள். லைசென்ஸ் வாங்கச் சொல்லி ஒரு பெட்டி வந்தால் மூடிவிடுங்கள், அது எப்போதும் வருவதுதான். தெரியும் பதிப்பு எண்ணையும் ஸ்டிக்கர் எண்ணையும் பதிலில் போடுங்கள். 7.13 அல்லது அதற்கு மேல் என்றால் வேலை முடிந்தது. குறைவாக இருந்தால் நாங்கள் வந்து மாற்றித் தருவோம். நீங்களாக இறக்க வேண்டாம்.
>
> மாற்றும் வரை ரார் ஃபைல் வந்தால் திறக்காதீர்கள், அழிக்கவும் வேண்டாம். மெயிலிலேயே இருக்கட்டும், திறக்காத ஃபைலால் இந்தப் பிரச்சினை வராது. உடனே பார்க்க வேண்டியது என்றால் ஐ.டி. எக்ஸ்டென்ஷனுக்குக் கூப்பிடுங்கள். சரி செய்த மெஷினில் பிரித்து, பார்த்து அனுப்புகிறோம்.
>
> சமீபத்தில் ஒரு ரார் ஃபைலைப் பிரித்தபோது பிழைச் செய்திகள் வரிசையாக வந்ததா? அல்லது நீங்கள் திறந்த ஃபைல் மேல் வேறு ஏதாவது சந்தேகமா? **ரீஸ்டார்ட் செய்யாதீர்கள், ஆஃப் செய்யாதீர்கள்.** நெட்வொர்க் கேபிளைக் கழற்றுங்கள், வைஃபை என்றால் அணைத்துவிடுங்கள். பிறகு கூப்பிடுங்கள். எந்த நேரமானாலும் சரி. ரெஸ்யூமேவும் ஆர்ட்வொர்க்கும் திறப்பது உங்கள் வேலை. திறந்ததற்காக யார் மேலும் மெமோ வராது, ஜி.எம். ஒப்புக்கொண்டிருக்கிறார்.
>
> ஐ.டி. குறிப்புக்கு: CVE-2025-8088

மெமோ வராது என்ற வரிக்காகத்தான் அதிகம் வாதாட வேண்டியிருந்தது. அப்படி எழுதினால் அலட்சியம் வந்துவிடும் என்றார் ஜி.எம். நான் சட்டத்தைக் காட்டினேன். மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவுப்படி, இத்தகைய சம்பவம் நம் கவனத்துக்கு வந்த 6 மணி நேரத்துக்குள் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். திட்டு விழும் என்று ஒருவர் ரெண்டு நாள் மூடி மறைத்தால், அந்த ரெண்டு நாளும் உள்ளே வந்தவன் நெட்வொர்க்கில் சுற்றுவான். பிறகு நாம் தெரிவிக்கும்போது சொல்வதற்குத் தகவலும் பாதி அழிந்திருக்கும். "சரி, என் பேரையே போட்டுக்குங்க" என்றார். போட்டேன். ஐ.டி. ஆள் கொடுக்கும் வாக்குறுதியைவிட அதற்குத்தான் மதிப்பு.

மெயில் போன அன்று மதியம் கட்டிங் பிரிவிலிருந்து ஓர் அண்ணன் கூப்பிட்டார். பிழைச் செய்தி வந்தது, கேபிளைக் கழற்றிவிட்டேன், மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறது என்றார். போய்ப் பார்த்தோம். `Win` விசையோடு `R` அழுத்தி `shell:startup` கொடுத்தால் அந்த ஃபோல்டர் திறக்கும். அதில் புதிதாக எதுவும் இல்லை. `%TEMP%`, `%LOCALAPPDATA%` என்ற ஃபோல்டர்கள் இரண்டிலும் அந்த நேரத்தில் வந்து விழுந்த நிரல் எதுவும் இல்லை. ஃபைல் பாதியில் இறங்கி உடைந்து போயிருந்தது, அதனால் வந்த பிழை. அவருக்கு நன்றி சொல்லி, சரியாகத்தான் செய்தீர்கள் என்று பக்கத்து டேபிள்களுக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு வந்தோம். அடுத்த அழைப்பு உண்மையானதாக இருக்கலாம், அதற்கு இவர் கூசாமல் கூப்பிட வேண்டும்.

இந்த மெயிலால் ஆகாத காரியங்களும் உண்டு. வின்ரார்காரர்களின் `UnRAR.dll` என்ற துண்டு வேறு பல மென்பொருள்களுக்குள்ளும் ஒளிந்திருக்கும், அதற்கும் இதே குறை. ஊழியர் எண் பார்த்துச் சொல்லி அதைக் கண்டுபிடிக்க முடியாது, ஐ.டி. ஆள்தான் தேட வேண்டும். பென்டிரைவில் வைத்து ஓட்டும் வின்ராரும் `Start` பட்டியலில் வராது. 7.13 போட்டுவிட்டாலும், ரார் உள்ளேயே `.exe` ஒன்றை ரெஸ்யூமே என்று பெயர் வைத்து அனுப்பினால் இந்த அப்டேட் அதைத் தடுக்காது. இதையெல்லாம் அதே மெயிலில் திணிக்க ஆசைதான். திணித்திருந்தால் பதில் வந்த எண்களில் பாதி வந்திருக்காது.

எச்.ஆர். பிரிவுக்கு மட்டும் தனியாக ஒரு ஏற்பாடு செய்தோம். வேலை விளம்பரத்திலேயே "ரெஸ்யூமே பி.டி.எஃப். ஆக மட்டும்" என்று போடச் சொன்னோம். ரார் ஆக வந்தால் மேடம் ஒரு வரி பதில் அனுப்பி பி.டி.எஃப். கேட்பார். உண்மையிலேயே வேலை வேண்டுகிறவர் அனுப்பிவிடுவார். பி.டி.எஃப். எல்லாம் பத்தரைமாற்றுத் தங்கம் என்று அர்த்தமில்லை, ஆனால் இந்த வழி அடைபடுகிறது.

வெள்ளிக்கிழமை எல்லா ஸ்டிக்கரும் கணக்கில் வந்த பிறகு இன்னொரு சின்ன மெயில் போனது: "வின்ரார் வேலை முடிந்தது. ரார் ஃபைல்களைப் பழையபடி திறக்கலாம். புதன்கிழமை மெயிலில் இருந்த தடை இனி இல்லை. பிழைச் செய்தி வந்தால் கூப்பிடுவது மட்டும் எப்போதும் போலத் தொடரட்டும்." இந்த மெயில் அனுப்பத் தேவையில்லை என்று பராமரிப்பு ஆட்கள் நினைத்தார்கள். ஆனால் தடை போட்டவர் எடுக்காவிட்டால் சிலர் மாதக்கணக்கில் ஒவ்வொரு ஆர்ட்வொர்க்கையும் ஐ.டி.க்கு அனுப்பிக்கொண்டே இருப்பார்கள், மற்றவர்கள் அடுத்த தடையை முதல் நாளிலிருந்தே மதிக்க மாட்டார்கள். அனுப்பிய பத்து நிமிஷத்தில் மெர்ச்சன்டைசிங்கிலிருந்து போன் வந்தது, பையரிடம் அந்த அழிந்துபோன ஆர்ட்வொர்க்கைத் திரும்பக் கேட்க என்ன காரணம் சொல்வது என்று.